வழிந்த செய்தியும் வழிதவறிய நிரலும்

1988ஆம் ஆண்டு நவம்பரில் மொறிஸ் என்னும் அமெரிக்க மாணவர் ஏவிய ‘புழு’, வாக்ஸ் கணினிகளின் பிங்கர் நிரலைத் தாக்கிற்று. வரும் செய்திக்கென அந்நிரல் ஒதுக்கிய இடம் 512 எழுத்துக்கள். நீளத்தை அது அளப்பதில்லை. புழு அனுப்பியவை 536. மிஞ்சியவை, வேலை முடிந்ததும் எங்கே திரும்புவதென அடுக்கு நினைவகத்தில் குறித்திருந்த முகவரியை அழித்தெழுதின. புதிய முகவரி புழுவின் கட்டளைகளையே சுட்டியது. கணினியும் ஐயுறாது அவற்றை நிறைவேற்றியது.

இதற்குப் பின்னாளில் இரு காவல்கள் அமைந்தன. முகவரிக்கு முன்னே ‘கனேரி’ எனும் இரகசிய எண்ணை வைப்பது ஒன்று. வழிந்து வருவது முதலில் அதனைக் குலைத்துவிடும். திரும்புமுன் ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் அக்கணமே நின்றுவிடும். அடுக்கிலுள்ளதைக் கட்டளையாக இயக்கலாகாதென விலக்குவது மற்றொன்று. ஆயினும், எண் கசிந்தால் முதற்காவல் வீழும். முகவரி நிரலின் சொந்தக் கட்டளைகளையே சுட்டினால் இவ்விலக்கும் பயன்படாது.