நோன்பு நாளில் மூன்று வேளை மாத்திரை

ரமலான் மாதம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல். தொண்டையில் கடும் வலி. மருத்துவர் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் மாத்திரை எழுதித் தருகிறார். சீட்டில் "காலை, மதியம், இரவு" என்றிருக்கிறது. தான் நோன்பு நோற்பதை அவன் மருத்துவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை எழுகிறது. மதிய மாத்திரையை என்ன செய்வது? விட்டுவிடலாமா? நோன்பு திறக்கும்போது இரண்டாக விழுங்கலாமா? மூன்றையும் இரவுக்குள் முடித்துவிடலாமா?

நோயுற்றவர் நோன்பை விட்டு, குணமான பின் வேறு நாள்களில் நோற்க மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆயினும் நோன்பை விட மனமில்லாதவர் பலர். அவர்கள் மாத்திரையை மாற்றியமைக்கும் முன், அது உடலுக்குள் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுட்காலம்' என்று படித்திருப்பீர்கள். மருந்துக்கும் அது உண்டு. இரத்தத்தில் உள்ள அமாக்சிசிலின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். சிறுநீரகங்கள் அதை அவ்வளவு விரைவாக வெளியேற்றிவிடுகின்றன. மாத்திரையை விழுங்கி ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் மருந்து சேர்ந்தது என்று, கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, வைத்துக்கொள்வோம். அடுத்த மணியில் அது 4 ஆகும். பிறகு 2, 1, அரை, கால் என்று குறைந்துகொண்டே போகும்.

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. மருந்தின் அளவு அந்தக் கோட்டுக்கு மேல் இருக்கும் வரை பாக்டீரியா பெருக முடியாது. கோட்டுக்குக் கீழே இறங்கினால் சிறிது நேரத்தில் அது மீண்டும் பெருகத் தொடங்கும். பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினைப் பொறுத்தவரை மருந்து எவ்வளவு உயரம் ஏறியது என்பது முக்கியமன்று. கோட்டுக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றது என்பதே முக்கியம்.

முதலில், எல்லைக்கோடு அரை மைக்ரோகிராமாக உள்ள ஒரு முரட்டுப் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். 8 என்பது அரையாகக் குறைய நான்கு மணி நேரம். மருந்து ஏறுவதற்கு ஒரு மணி நேரம். ஆக, ஒரு மாத்திரை 5 மணி நேரம் காவல் காக்கிறது. எட்டு மணிக்கு ஒரு மாத்திரை என்றால், ஒவ்வொரு மாத்திரைக்கும் பிறகு 3 மணி நேரம் காவல் இல்லை. அந்த இடைவெளிகள் குறுகியவை, உடல் சமாளித்துக்கொள்ளும்.

இப்போது அதே மூன்று மாத்திரைகளையும் இரவில் விழுங்கினால் என்ன ஆகும்? மாலை 6.30க்கு நோன்பு திறக்கும்போது ஒன்று, இரவு 11.30க்கு ஒன்று, அதிகாலை 4.45க்கு சஹர் உணவுடன் ஒன்று. இரவு முழுவதும் நல்ல காவல். ஆனால் கடைசி மாத்திரையின் காவல் காலை 9.45க்கு முடிந்துவிடும். அதன் பிறகு மாலை 6.30 வரை 8 மணி 45 நிமிடம் தொடர்ந்து காவலே இல்லை. காவல் இருந்த மொத்த நேரம் பழைய 15 மணிதான். ஆனால் மூன்று சிறு இடைவெளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய இடைவெளியாகிவிட்டன. அந்த நேரத்தில் எஞ்சிய பாக்டீரியாக்கள் பலமுறை இரண்டாகப் பிளந்து பெருகிவிடக்கூடும்.

"சஹரில் இரண்டு மாத்திரை விழுங்கினால் இரண்டு மடங்கு நேரம் காக்குமே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். 8க்குப் பதில் 16இல் தொடங்குகிறோம். 16 என்பது 8 ஆக ஒரு மணி நேரம்தான். அதன் பின் பழைய கதையே. அளவை இரு மடங்காக்கியதால் கிடைத்த ஆதாயம் ஒரே ஒரு மணி நேரம்! காவல் 9.45க்குப் பதில் 10.45க்கு முடியும். வயிற்றுப்போக்கும் குமட்டலும் வர வாய்ப்பு மட்டும் கூடும்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. அது பாக்டீரியாவைப் பொறுத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை இம்மருந்து எளிதில் அடக்கிவிடும். அதன் எல்லைக்கோடு 0.03 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கிறது. 8ஐ எட்டு முறை பாதியாக்கிப் பாருங்கள், 0.03 வரும். ஏறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மாத்திரையின் காவல் 9 மணி நேரம். மாலை 6.30க்கு விழுங்கியது அதிகாலை 3.30 வரை காக்கும், 4.45க்கு விழுங்கியது பிற்பகல் 1.45 வரை காக்கும். நாளில் 18 மணி நேரம் காவல். நீண்ட இடைவெளி ஐந்து மணிக்கும் குறைவு. இந்நோய்க்கு அமாக்சிசிலினை நாளைக்கு இரு வேளையாகவே மருத்துவர்கள் கொடுப்பதும் உண்டு. ஆகவே நம் மாணவன் மருத்துவரிடம் திரும்பிச் சென்று, "நான் நோன்பு நோற்கிறேன்" என்று சொன்னால், அவர் அதே மருந்தை இரு வேளையாக மாற்றித் தரக்கூடும்.

முரட்டுப் பாக்டீரியாவானால் மருத்துவர் மருந்தையே மாற்றலாம். அசித்ரோமைசின் என்ற மருந்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 68 மணி நேரம். அது திசுக்களில் தங்கிவிடுவதால் நாளைக்கு ஒரு வேளை போதும். நோன்பு திறந்த பின் விழுங்கிவிடலாம். ஆனால் அதற்கு அடங்காத பாக்டீரியாக்கள் பல இருக்கின்றன. ஆதலால் எந்த நோய்க்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றொருவர் வாங்கி விழுங்கக் கூடாது.

இரு வேளை முறையில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, சஹருக்கு எழாமல் உறங்கிவிடுவது. அன்று இரவு மாத்திரைக்கும் மறுநாள் மாலை மாத்திரைக்கும் இடையே 24 மணி நேரம் ஆகிவிடும். அப்படி நேர்ந்தால் மாலையில் இரண்டாக விழுங்கிப் பயனில்லை. காரணத்தை மேலே கண்டோம். எழுந்ததும் மாத்திரையை விழுங்கி, அன்றைய நோன்பைப் பிறகு நோற்பதே நலம்.

மற்றொன்று, மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடுவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்கு அமாக்சிசிலினைப் பத்து நாள் விழுங்க வேண்டும். அரைகுறையாக விட்டால் சிலருக்குப் பின்னர் கீல்வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் பழுதாகக்கூடும்.

மாற்றியமைத்தது சரியாக வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் குறைய வேண்டும். குறையாவிட்டாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்நிலையில் நோன்பை நிறுத்திவிட வேண்டும். நிமோனியா போன்ற கடும் நோய்களில் இந்த மாற்றங்களுக்கு இடமே இல்லை.

அடுத்த முறை மருந்துச் சீட்டில் "மூன்று வேளை" என்று கண்டால், அது காலை, மதிய, இரவு உணவுக்காக எழுதப்பட்டதன்று என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மாத்திரையின் காவல் முடியும் நேரத்தைக் கணக்கிட்டே அது எழுதப்படுகிறது.