கடைசி மாத்திரை எந்தக் கிழமை?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் சர்ஜன் சொல்வார்: "அனஸ்தீசியா ஃபிட்னஸ் வாங்கிட்டு வந்துடுங்க." பலரும் அதை ஒரு முத்திரை வாங்கும் வேலையாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கடிதத்தை இரண்டு பேர் படித்தாக வேண்டும். ஒருவர், அன்று காலை நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தப்போகும் மருத்துவர். கடிதம் எழுதியவரே அன்று பணியில் இருப்பார் என்ற உறுதியில்லை. மற்றவர், வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று விழிக்கும் மகனோ மகளோ. "சர்க்கரை, இதயநோய் உண்டு, ஆபத்துடன் கூடிய தகுதி" என்று ஒற்றை வரியில் முடியும் கடிதம் இந்த இருவருக்கும் பயன்படாது.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 62, எடை 92 கிலோ. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை. ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பித்தப்பைக் கல்லுக்காக வியாழக்கிழமை காலை 9 மணிக்கு லேப்ராஸ்கோப்பி. முழு மயக்கம் தேவை; அதாவது தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் போயாக வேண்டும்.

அந்த டியூப் எளிதில் போகுமா என்பதுதான் கடிதத்தின் முதல் கேள்வி. அந்த அம்மாவை வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார்கள். உள்நாக்கு முழுதாகத் தெரிகிறதா, அதன் அடிப்பகுதி மட்டும் தெரிகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா என்று பார்த்து 1 முதல் 4 வரை எண் போடுவார்கள். இதற்கு மல்லம்பட்டி அளவு என்று பெயர். ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அவர் மூன்று வகைதான் பிரித்தார். நான்காவதைப் பிறகு மற்றவர்கள் சேர்த்தார்கள். இந்த அம்மாவுக்கு 3. அடுத்து வாய் எத்தனை விரல் அகலம் திறக்கிறது, கழுத்து பின்னால் எவ்வளவு சாய்கிறது, கழுத்தின் சுற்றளவு என்ன என்று பார்ப்பார்கள். இரவில் குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நின்று திணறி விழிக்கிறாரா என்பதைக் கூடவே படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும்; நோயாளிக்குத் தெரியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. வணக்கம் சொல்வதுபோல் இரு கைகளையும் கூப்பச் சொல்வார்கள். நெடுங்காலச் சர்க்கரையில் மூட்டுகளைச் சுற்றியுள்ள திசு விறைத்துப்போகும். அப்போது கூப்பிய விரல்களுக்கிடையே இடைவெளி விழும், உள்ளங்கைகள் முழுதாக ஒட்டாது. விரலுக்கு வந்த விறைப்பு கழுத்து மூட்டுக்கும் வந்திருக்கலாம். கழுத்து சாயாவிட்டால் குரல்வளை கண்ணுக்குத் தெரிவது கடினம்.

இந்தச் சோதனைகள் எவையும் தனித்து நம்பத் தக்கவை அல்ல. எல்லாம் சரியாக இருந்தவரிடமே டியூப் போகாமல் திணறிய அனுபவம் மயக்க மருத்துவர்களுக்கு உண்டு. இவற்றைவிட வலுவான துப்பு பழைய அறுவையில்தான் கிடைக்கும். முன்பு கர்ப்பப்பை எடுத்தபோது "டியூப் போடச் சிரமப்பட்டோம்" என்று யாராவது சொன்னார்களா? பல் உடைந்ததா? பல குடும்பங்கள் இதைச் சொல்வதே இல்லை, யாரும் கேட்பதுமில்லை. சிரமம் முன்கூட்டித் தெரிந்தால் என்ன லாபம் என்றால், நேரம். மயக்கத்துக்கு முன் ஆக்ஸிஜனை நிறைய உள்ளிழுக்க வைத்த பிறகு, ஆரோக்கியமான ஒருவர் மூச்சு நின்றாலும் சில நிமிடம் தாங்குவார். பருத்த உடலில் அந்தக் கையிருப்பு வெகு வேகமாகக் கரையும். அதனால் கடிதம் இப்படி முடிய வேண்டும்: "மல்லம்பட்டி 3, கழுத்து விறைப்பு, தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம், மேல்வரிசையில் கழற்றும் பல்செட். வீடியோ லாரிங்கோஸ்கோப் தயாராக இருக்கட்டும். அனுபவமுள்ள இன்னொருவர் உடனிருக்கட்டும்."

மாத்திரைப் பகுதியில்தான் பெரும்பாலான கடிதங்கள் சறுக்குகின்றன. "எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுங்கள்" என்பது ஆபத்தான அறிவுரை. இவர் சாப்பிடும் மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்தினால் இதயத்துடிப்பு எகிறும். ஸ்டென்ட் வைத்த இதயம் அதைத் தாங்காமல் போகலாம். அறுவை நாள் காலையிலும் அதை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஆஸ்பிரினும் தொடரும். ஆனால் குளோபிடோக்ரெல் வேறு கதை: ரத்தம் உறையும் தன்மை திரும்ப ஐந்து நாளாவது வேண்டும். "ஐந்து நாள் முன்பு" என்று எழுதினால் வீட்டில் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். "கடைசி மாத்திரை முந்தைய வெள்ளிக்கிழமை" என்று எழுதினால் குழப்பமில்லை. அதையும் இதய மருத்துவர் சம்மதித்த பிறகுதான் எழுத வேண்டும். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆகியிருந்தால் அறுவையையே தள்ளிப்போடச் சொல்லக்கூடும். ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்ட்டனை முதல்நாள் காலையோடு நிறுத்தச் சொல்வது வழக்கம். இல்லாவிட்டால் மயக்கத்தில் அழுத்தம் சட்டென்று சரியலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. பட்டினியும் அறுவையின் அழுத்தமும் சேரும்போது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் பெருகும். வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று காட்டிக்கொடுக்கும். இந்த மாத்திரை சாப்பிட்டவருக்கோ 180 என்றே இருக்கலாம். அளவு நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு வந்தால் சர்க்கரையை மட்டும் பார்க்காமல் ரத்தக் கீட்டோனையும் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்க, குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நம் நோயாளிக்குக் கடைசி மாத்திரை ஞாயிறு. சிக்கல் என்னவென்றால், இந்த மருந்து மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையாகக் கலந்தும் வருகிறது, வேறு வேறு வணிகப் பெயர்களில். டாபாகிளிஃப்ளோசினை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூடத் தருகிறார்கள். அதைச் சாப்பிடுபவர் "சர்க்கரை மாத்திரை" என்று சொல்லவே மாட்டார். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால்தான் தெரியும்.

பட்டினிக்கு வருவோம். இரைப்பையில் உள்ளது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போவதை, பிரசவத்தில் மயக்கம் பெற்ற பெண்களிடம் கண்டு 1946-ல் விரிவாக எழுதியவர் நியூயார்க்கின் கர்ட்டிஸ் மெண்டெல்சன். அந்த அச்சம்தான் "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்ற கட்டளையாக இன்றும் நிற்கிறது. இன்றைய வழிகாட்டல் அப்படியில்லை: லேசான உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். பால் சேர்ந்த காபியும் டீயும் உணவுக் கணக்கில்தான் சேரும், கஞ்சியும் அப்படியே. எண்ணெயில் பொரித்ததும் கறியும் இன்னும் மெதுவாகவே செரிக்கும். நெடுநாள் சர்க்கரையில் இரைப்பை மந்தமாகிவிடும். எடை குறைக்கப் போடும் செமாகுளூட்டைட் ஊசியும் அதையே செய்யும். இவர்களுக்கு 6 மணி நேரமும் போதாமல் போகலாம் என்பதைக் கடிதம் தனியே குறிக்க வேண்டும்.

ஆகவே நம் நோயாளிக்கு: புதன் இரவு 8 மணிக்கு இட்லி, அதற்குப் பின் உணவில்லை. வியாழன் காலை 7 வரை தண்ணீர் குடிக்கலாம். 6 மணிக்கு மெட்டோப்ரோலாலும் ஆஸ்பிரினும். மெட்ஃபார்மின் வேண்டாம். பசியில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் வீட்டிலேயே சர்க்கரை கரைத்த தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். மறந்து காபி குடித்துவிட்டால் அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கடிதத்தில் பலர் எழுத மறப்பது ஒன்றுண்டு: நிறுத்தியதை எப்போது மறுபடி தொடங்குவது? குளோபிடோக்ரெல்லை ரத்தக்கசிவு அபாயம் நீங்கியதும் சர்ஜன் சொல்லும் நாளில் தொடங்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசினை நோயாளி வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான். இங்கே சொன்ன கிழமைகள் இந்த ஒரு நோயாளிக்கு உரியவை. உங்கள் மாத்திரைக்கு உங்கள் மருத்துவர் கணக்கிட்டுத் தர வேண்டும். பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும். ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரே கடைசி வேளையும் மறுபடி தொடங்கும் நாளும் எழுதி வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.