கான்கிரீட் போடும் முன் ஒரு தாள்

தாராவியில் ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாடிக்குத் தளம் போட வேண்டும். பலகை அடித்தாகிவிட்டது. கம்பி கட்டியாகிவிட்டது. காலை எட்டு மணிக்குக் கான்கிரீட் வண்டி வந்துவிடும்.

அப்போது இன்ஜினியர் கையில் ஒரு தாளோடு வருகிறார். அதில் வரிசையாகக் கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கான்கிரீட் கொட்டலாம். பெரிய வேலைத்தளங்களில் இந்தத் தாளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதை நின்று படித்தவர்கள் குறைவு.

கான்கிரீட்டுக்கு முன்னால் ஏன் இத்தனை கேள்வி? சுவர் கோணலாக இருந்தால் இடித்துக் கட்டலாம். கதவு சரியில்லை என்றால் கழற்றி மாட்டலாம். தளம் அப்படியல்ல. கொட்டிய சில மணி நேரத்தில் கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும். உள்ளே கம்பி எங்கே கிடக்கிறது என்று அதற்குப் பிறகு கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியதை முன்பே பார்த்துவிட வேண்டும்.

இந்தத் தளத்துக்கு வந்த தாளில் முதல் கேள்வி இப்படி இருந்தது: "முட்டுகள் சரியாக உள்ளனவா? ஆம் / இல்லை."

இன்ஜினியர் கீழே எட்டிப் பார்த்தார். முட்டுகள் காடு மாதிரி நின்றன. "சரிதானே, மேஸ்திரி?" என்றார். "சரிதான் சார்" என்றார் மேஸ்திரி. "ஆம்" என்பதில் ஒரு கோடு விழுந்தது.

இதில் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. இன்ஜினியரும் ஏமாற்றவில்லை. கேள்விதான் சரியில்லை. "சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். எதை அளந்தோம், எங்கே அளந்தோம் என்று அந்தப் பதிலில் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் கோட்டைப் போட்டுவிடலாம்.

அதே கேள்வியை வேறு மாதிரி எழுதிப் பார்ப்போம்: "முட்டுக்கும் முட்டுக்கும் உள்ள இடைவெளியில் மிக அதிகமானது எவ்வளவு? ____ மி.மீ. எந்த இடத்தில்? ____"

இதற்கு எட்டிப் பார்த்துப் பதில் எழுத முடியாது. டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். வரிசை வரிசையாக நடக்க வேண்டும். அப்படி நடந்தபோது மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி 2,000 மி.மீ., அதாவது 2 மீட்டர் இருந்தது. மற்ற இடமெல்லாம் 1 மீட்டர். சாமான் தூக்கிப் போக வழி வேண்டும் என்று யாரோ ஒரு முட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு முட்டுத்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தளத்தின் கனம் 150 மி.மீ. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ எடை இருக்கும். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் தளத்தில் கான்கிரீட் மட்டுமே 375 கிலோ. பலகை, கட்டை, மேலே நிற்கும் ஆட்கள், கருவிகள் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தொடும். ஒவ்வொரு முட்டும் ஒரு சதுர மீட்டரைத் தாங்குகிறது. ஒன்றை எடுத்துவிட்டால் அதன் பாரம் இரு பக்கத்து முட்டுகளுக்கும் போகும். ஒவ்வொன்றின் தலையிலும் 900 கிலோ.

முட்டாவது ஒருவேளை தாங்கிவிடும். பலகைக்கு அடியில் முட்டுக்கு முட்டு போகும் நீளக் கட்டைதான் அதிகம் கஷ்டப்படும். இடைவெளி இரண்டு மடங்கானால் அந்தக் கட்டை வளையும் விசை இரண்டு மடங்காவதில்லை. நான்கு மடங்காகிறது. கட்டை முறிந்தால் மேலே இருக்கும் ஈரக் கான்கிரீட், கம்பி, ஆட்கள் எல்லாம் ஒன்றாகக் கீழே வரும்.

முட்டின் தலையைப் போலவே காலையும் பார்க்க வேண்டும். தாராவியின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிய இடங்கள் பல. தரைத்தளத்தில் முட்டை நேராக மண்ணில் ஊன்றினால் பாரம் ஏற ஏற அது கீழே இறங்கும். அடியில் அகலமான பலகை வேண்டும். உயரம் போதவில்லை என்று உடைந்த செங்கல்லை அடுக்கி அதன்மேல் முட்டை நிறுத்தக் கூடாது. "முட்டுகளின் அடியில் செங்கல், கல் வைக்கப்பட்டுள்ளதா? எத்தனை இடத்தில்?" என்று தாள் கேட்டால், குனிந்து பார்த்துத்தான் பதில் எழுத முடியும்.

மாடியில் வேறு பிரச்சினை. அங்கே முட்டு நிற்பது மண்ணில் அல்ல, கீழ்த்தளத்தின் மேல். அந்தக் கீழ்த்தளம் எத்தனை நாள் பழையது? அதற்கு அடியில் முட்டு இன்னும் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய விபத்து இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்கைலைன் பிளாசா என்ற இடத்தில் உயரமான கட்டடம் ஒன்று கட்டினார்கள். 1973 மார்ச் 2 அன்று 24-ஆம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்க வேண்டியது 23-ஆம் தளம். அந்த 23-ஆம் தளத்தின் கான்கிரீட் இன்னும் போதுமான பலம் பெறவில்லை. அதற்குள் அதன் அடியில் இருந்த முட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். தூண்களைச் சுற்றி அந்தத் தளம் ஓட்டை விழுந்து கீழே போனது. மேலிருந்து விழுந்த பாரத்தால் அடுத்தடுத்த தளங்களும் தரைவரை சரிந்தன. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, 4.5 மீட்டர்வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேல் போனால் 14 நாளும் முட்டு இருக்க வேண்டும் என்கிறது. சாதாரண சிமெண்டுக்கு, குளிர் இல்லாத ஊருக்கு இந்தக் கணக்கு. இது அந்தத் தளம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளத்தான். மேல்தளத்தின் ஈரக் கான்கிரீட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்றால் 7 நாள் போதாது. அடியில் முட்டு நிற்கத்தான் வேண்டும். ஆகவே தாளில் இரண்டு கோடிட்ட இடங்கள் வேண்டும்: "கீழ்த்தளம் போட்ட தேதி ____. அதற்கு அடியில் இன்று நிற்கும் முட்டுகள் ____." தேதியை எழுதும்போதே நாள் கணக்குத் தெரிந்துவிடும்.

இனி கம்பிக்கு வருவோம்.

மும்பை கடலோர ஊர். காற்றிலேயே உப்பு இருக்கிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பழைய கட்டடங்களின் பால்கனி அடியை நிமிர்ந்து பாருங்கள். சில இடங்களில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல் மாதிரி வெளியே தெரியும். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டைக் 'கவர்' என்பார்கள். அதுதான் கம்பிக்குச் சட்டை. சட்டை மெல்லியதானால் உப்பும் ஈரமும் சீக்கிரம் உள்ளே போகும். துருப்பிடித்த கம்பி ஊதும். ஊதி ஊதிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும்.

கடற்காற்று நேராகப் படும் பகுதிக்கு அதே விதி சொல்லும் கவர் 45 மி.மீ. காற்றுப் படாமல் மறைவாக இருக்கும் உள்தளத்துக்கு 30 மி.மீ. இந்த அளவு நிற்பதற்காகக் கம்பிக்கு அடியில் சிறு கான்கிரீட் கட்டைகள் வைப்பார்கள். அதன் பெயர் கவர் பிளாக். கையில் கிடைத்த ஜல்லியையோ செங்கல் துண்டையோ அங்கே வைத்தால் அளவு நிற்காது. செங்கல் தண்ணீரையும் உறிஞ்சும்.

பால்கனிதான் அதிகம் ஏமாற்றும் இடம். உள்தளத்துக்கு நடுவில் முக்கியமான கம்பி கீழே இருக்கும். பால்கனிக்கு மேலே இருக்க வேண்டும். ஏன்? பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டிய கை போன்றது. பாரம் ஏறினால் அதன் மேல்புறம்தான் இழுபடும். இழுவையைக் கான்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்கும். அந்தக் கம்பியை மேலேயே நிறுத்த, வளைத்த கம்பியால் ஒரு முக்காலி செய்து அடியில் வைப்பார்கள். அதற்குச் 'சேர்' என்று பெயர்.

நம் கட்டடத்தின் பால்கனியும் 150 மி.மீ. கனம். மேல்கம்பி 10 மி.மீ. மேலே 45 மி.மீ. கவர் விட வேண்டும். அப்படியானால் கம்பியின் அடிப்பக்கம் பலகையிலிருந்து 95 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கவர் 10 மி.மீ. வரை கூடலாம், குறையக் கூடாது என்பது விதி. ஆகவே 85 முதல் 95 வரை இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

பழைய தாளில் இருந்த கேள்வி: "பால்கனிக் கம்பி சரியா?" வாசற்படியில் நின்று பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தது. மாற்றி எழுதிய கேள்வி இது: "பால்கனி மேல்கம்பியின் அடி, பலகையிலிருந்து எவ்வளவு உயரம்? மூன்று இடத்தில் அளக்கவும். ஒன்று வாசல் அருகே."

திருநெல்வேலிப் பக்கத்துக் கம்பிக்காரர் ஒருவர்தான் ஸ்கேல் பிடித்தார். முதல் இடம் 92. இரண்டாவது 94. வாசல் அருகே 58.

"என்ன அண்ணாச்சி, நல்லாத்தானே கட்டினோம்?" என்றார் உதவியாள்.

"கட்டும்போது நல்லாத்தான் இருந்தது. காலையிலிருந்து எல்லாரும் இதை மிதிச்சுத்தானே வெளியே போறாங்க. சேர் ரெண்டு சாஞ்சு கிடக்கு பாரு."

58 என்றால் என்ன பொருள்? பால்கனியின் பலம், அடிப்பக்கத்திலிருந்து கம்பியின் நடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது 100 மி.மீ. இருக்க வேண்டும். இப்போது 63. பலமும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கிவிடும். நூறு பங்கில் முப்பத்தைந்து பங்குக்கு மேல் போய்விட்டது. கம்பி குறையவில்லை, கான்கிரீட் குறையவில்லை. இடம் மாறியதுதான். வாசல் அருகே, அதாவது பால்கனி வீட்டோடு சேரும் இடத்தில்தான் இழுவை மிக அதிகம். மிதிபடுவதும் அங்கேதான்.

சாய்ந்த சேர்களை நிமிர்த்தி, கூடுதலாக இரண்டு வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினார்கள். மறுபடி அளந்தார்கள். 93 வந்தது. நடப்பதற்கென்று கம்பியைத் தொடாமல் தனிப் பலகை போட்டார்கள். கான்கிரீட் கொட்டும்போதும் மிதிபடும் அல்லவா? அதனால் தாளில் இன்னொரு வரி சேர்ந்தது: "கான்கிரீட் முடியும்வரை பால்கனியில் நிற்கும் கம்பிக்காரர் யார்?" கம்பி தாழ்ந்தால் அப்போதே தூக்கிவிடுவது அவர் வேலை.

கடைசியில் கையெழுத்து. பெரும்பாலான தாள்களில் தேதி மட்டும் கேட்பார்கள். நேரமும் கேட்க வேண்டும். முதல் நாள் மாலை சரிபார்த்து, இரவு முழுக்க மும்பை மழை பெய்து, காலையில் கான்கிரீட் போட்டால் அந்தக் கையெழுத்து எதைச் சொல்கிறது? பலகையில் தண்ணீரும் சேறும் தேங்கியிருக்கும். தரைத்தள முட்டின் காலடி ஊறியிருக்கும். எலக்ட்ரீஷியன் குழாய் பதிக்க வந்து கம்பியை விலக்கியிருப்பார். ஆகவே அந்தத் தாளின் கடைசி வரியை இப்படி எழுதினார்கள்: "இந்த ஒப்புதல் இன்று மாலை 6 மணிவரை மட்டும். இடையில் மழை பெய்தாலோ, முட்டு, பலகை, கம்பி எதையாவது தொட்டாலோ செல்லாது. மறுபடி பார்க்க வேண்டும்."

அன்று கழற்றிய முட்டை மாட்டி, காலடிகளைப் பார்த்து, சேர்களைக் கட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கான்கிரீட் வண்டி தெருமுனையில் டிரம்மைச் சுற்றிக்கொண்டே நின்றது. ஒன்பதரைக்குக் கையெழுத்து விழுந்தது. பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்கள்.