நிழலை வகுத்து நீக்கலாம்

வீட்டுக்கு எடுத்துப்போகத் தராத ஒரு பழைய புத்தகத்தை நூலக மேஜையில் விரித்துப் போனில் படமெடுக்கிறோம். கண்ணுக்கு ஒரே வெள்ளையாக இருந்த தாள், படத்தில் ஜன்னல் பக்கம் வெளிறியும் பைண்டிங் ஓரம் கறுத்தும் விழுகிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைத் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. கேமரா தன்மீது விழுந்த ஒளியை அப்படியே பதிகிறது.

அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் 0 கறுப்பு, 255 வெள்ளை. ஜன்னல் பக்கம் தாள் 220, அதன்மேல் எழுத்து 66 என்று வைத்துக்கொள்வோம். பைண்டிங் ஓரத்தில் தாள் 60, எழுத்து 18. வெளிச்சத்தில் இருக்கும் மையைவிட நிழலில் இருக்கும் தாள் கறுப்பு! ‘இந்த எண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் எழுத்து’ என்று ஒரே கோடு கிழித்தால், எங்கே கிழித்தாலும் ஒரு பக்கம் கெடும். கோட்டை மேலே வைத்தால் பைண்டிங் ஓரம் முழுக்கக் கறுப்பாகிவிடும். கீழே இறக்கினால் ஜன்னல் பக்கத்து எழுத்துகள் காணாமல் போகும். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்கள் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிழலைக் கழித்துவிட்டால் போதாதா? கழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாளுக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் 154, மறுபக்கம் 42. ஓர எழுத்து மங்கலாகவே நிற்கும். விழும் ஒளியும் அதைத் திருப்பி அனுப்பும் தாளின் திறனும் ஒன்றோடொன்று பெருகித்தான் படத்தின் எண்ணாகின்றன. அதனால் வகுக்க வேண்டும். 66-ஐ 220-ஆல் வகுத்தாலும் 18-ஐ 60-ஆல் வகுத்தாலும் விடை 0.3. அதை 255-ஆல் பெருக்கினால் இரண்டு இடத்திலும் எழுத்து சுமார் 76, தாள் 255. பக்கம் சமமாகிவிட்டது.

இனிக் கேள்வி ஒன்றுதான். எழுத்துக்கு அடியில் இருக்கும் தாளின் எண் நமக்கு எப்படித் தெரியும்? எழுத்தே இல்லாத வெற்றுத்தாளாக அந்தப் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு சிறு சதுரம் வைத்து, அதற்குள் மிக வெளிச்சமான எண்ணை எடுத்தால் எழுத்துகள் கரைந்து தாள் பரவும். இதனால் வெளிச்சமான பகுதிகள் கொஞ்சம் வீங்கும். அதே சதுரத்தால் மிகக் குறைந்த எண்ணை எடுத்து அந்த வீக்கத்தைத் திரும்பச் சுருக்கிவிடலாம். பைதானில் OpenCV நூலகம் இருந்தால் சில வரிகள் போதும்:

```python
import cv2, numpy as np
img = cv2.imread("page.jpg", 0)
k = np.ones((31, 31), np.uint8)
bg = cv2.morphologyEx(img, cv2.MORPH_CLOSE, k)
bg = cv2.medianBlur(bg, 51)
out = cv2.divide(img, bg, scale=255)
cv2.imwrite("bg.png", bg)
cv2.imwrite("out.png", out)
```

சதுரத்தின் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. எழுத்தின் உயரத்தைவிடக் கோட்டின் தடிமன்தான் இங்கே கணக்கு. கோடு 10 பிக்சல் தடிமன் என்றால் சதுரம் அதைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். ‘ண’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் அடைபட்ட தாளும் படத்தில் சற்று மங்கியே இருக்கும். சதுரம் சிறிதாக இருந்தால் அந்த மங்கலையே தாள் என்று எடுத்துக்கொள்ளும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, முடிவுப் படத்தைத் திறக்கும் முன் `bg.png`-ஐத் திறந்து பாருங்கள். அதில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிய வேண்டும். எழுத்தின் ஆவி எங்காவது தெரிந்தால் சதுரத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரும்பாலும் தடித்த தலைப்பு எழுத்துகளில்தான் இது தெரியும். அங்கே மையே தாளாக எண்ணப்பட்டு, வகுத்தபின் எழுத்தின் உட்பகுதி வெளுத்து விளிம்பு மட்டும் மிஞ்சும். பக்கத்தில் புகைப்படம் இருந்தால் அதற்கும் இதே கதிதான். அந்தக் கட்டத்தை மூலப்படத்திலிருந்தே வெட்டி ஒட்டுவது நல்லது.

மாறாக, கையின் நிழலோ போனின் நிழலோ கூர்மையான விளிம்போடு விழுந்திருந்தால், முடிவில் அந்த விளிம்பை ஒட்டி ஒரு பட்டை தெரியலாம். சாதாரணமாக மங்கலாக்கும் வடிகட்டிக்குப் பதில் `medianBlur` வைத்திருப்பது இதற்காகத்தான். அது விளிம்பை ஓரளவு அப்படியே விட்டுவைக்கும்.

நிறப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே இப்படி வகுத்தால் குண்டு பல்பின் மஞ்சளும் போகும். பழந்தாளின் பழுப்பும் கூடவே போய்விடும். அந்தப் பழுப்பு உங்களுக்கு வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளைப் பிரதியை எழுத்துக்காகவும் மூலப்படத்தை ஆவணத்துக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுத்தலால் மீட்க முடியாதவை இரண்டு. பளபளக்கும் தாளில் விளக்கு நேரே பட்டுத் தாளும் மையும் சேர்ந்து 255 ஆகிவிட்ட இடத்தில் பிரிக்க எதுவுமே மிஞ்சவில்லை. இருண்ட ஓரத்தில் தாள் 20, எழுத்து 6 என்று வந்துவிட்டால் வகுத்தல் எல்லாவற்றையும் ஏறத்தாழ 13 மடங்கு பெரிதாக்கும். எழுத்தோடு புள்ளிப்புள்ளியான இரைச்சலும் பெரிதாகி, மெய்யெழுத்தின் புள்ளி எது, இரைச்சல் எது என்று தெரியாமல் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். அப்படிப்பட்ட பக்கத்தை விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, பைண்டிங் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்து மறுபடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.