ரிமோட்டில் தெரிவது கோலமா, சொட்டா?

ஊர்ல இருந்து அம்மா ஏசி ரிமோட்டை போட்டோ எடுத்து அனுப்பி, "காத்து வருது, ஆனா குளிரவே இல்லப்பா"ன்னு சொன்னா, உடனே மெக்கானிக்கைத் தேடாதீங்க. போட்டோவைப் பெரிதாக்கி, ரிமோட் திரையில் எந்தச் சின்னம் தெரிகிறது என்று முதலில் பாருங்கள்.

பார்க்க வேண்டியது நாலு சின்னம். பனித்துகள் படம் என்றால் கூலிங். ஆனால் "ஸ்னோஃப்ளேக்"னு சொன்னா அம்மாவுக்குப் புரியாது. "ஆறு கை வச்ச நட்சத்திரக் கோலம்"னு சொல்லுங்க, உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. தண்ணீர்ச் சொட்டு என்றால் டிரை மோட். இதன் வேலை காற்றின் ஈரத்தைக் குறைப்பது. விசிறி என்றால் வெறும் காற்று மட்டும், கம்ப்ரஸர் ஓடாது. சூரியன் என்றால் ஹீட்டர். நம்ம ஊர் ஏசி பலவற்றில் ஹீட்டரே இருக்காது, ஆனாலும் ரிமோட்டில் அந்தச் சின்னம் வரலாம்.

ஒரு உதாரணம். போட்டோவில் சொட்டு தெரிகிறது. "24 வைக்கப் பாத்தேன், நம்பர் மாறவே மாட்டேங்குது" என்கிறார் அம்மா. ரிமோட் கெட்டுப்போகவில்லை. டிரை மோடில் பல மாடல்கள் வெப்பநிலையை மாற்ற விடாது, விசிறியையும் மெதுவாகவே ஓட்டும். கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவதால் மே மாத வெயிலுக்கு அது போதாது.

போனில் இப்படிச் சொல்லுங்கள்: "அம்மா, ரிமோட்டை ஏசிக்கு நேரா காட்டி, மோட் பட்டனை ஒவ்வொரு தடவையா அமுக்குங்க. கோலம் வந்ததும் நிறுத்திடுங்க. அப்புறம் 24 வைங்க." "ரெண்டு தடவை அமுக்குங்க"ன்னு எண்ணிக்கை சொல்லாதீங்க, சின்னங்கள் வரும் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நின்ற கம்ப்ரஸர் மறுபடி ஓடத் தொடங்க மூன்று நிமிடம் வரை ஆகலாம். அதையும் சொல்லிடுங்க, இல்லேன்னா பொறுமையிழந்து திரும்பவும் பட்டனை அமுக்கிடுவாங்க.

கோலம் தெரிந்தும் குளிரவில்லையா? சாதாரண இன்ஃப்ராரெட் ரிமோட் சொல்லத்தான் செய்யும், பதிலைக் கேட்காது. திரையில் தெரிவது ரிமோட் அனுப்பியது. ஏசி வாங்கிக்கொண்டதா என்பது அதற்குத் தெரியாது. அதனால் "அமுக்கினப்போ ஏசியில 'பீப்'னு சத்தம் வந்துச்சா?"ன்னு கேளுங்க. வரலேன்னா, ரிமோட் முனையை போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே காட்டி ஒரு பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு சின்ன வெளிச்சம் மினுக்கும். மினுக்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பீப் வந்து, கோலமும் இருந்து, கால் மணி நேரம் கழித்தும் குளிர்ந்த காற்று வரவில்லை என்றால், அப்போ மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ரிமோட்டின் பின்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு கோலம் வரைந்து, பக்கத்தில் 24 என்று எழுதிவிட்டு வாருங்கள்.