முதல்வருக்குக் கடிதம், கேன்டீன்காரருக்குக் கணக்கு

பள்ளிக் கேன்டீனைப் பற்றிப் பெற்றோர் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். பிள்ளைகள் தினமும் சிப்ஸும் பஃப்ஸும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று தொடங்கி, 'சத்தான உணவு கிடைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும். முதல்வரும் 'ஆவன செய்கிறோம்' என்பார். கேன்டீன்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவும் சொல்வார். ஒரு வாரம் சுண்டல் வரும், மறுவாரம் அதே பஃப்ஸ்.

முதல்வருக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் கேன்டீனை நடத்துவது பள்ளி அல்ல, ஒப்பந்தக்காரர். அவர் வாடகை கட்டுகிறார், ஆள் வைத்துச் சம்பளம் தருகிறார். காலையில் ஒரு இடைவேளை, மதியம் ஒரு இடைவேளை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சில நூறு பிள்ளைகள் கவுன்டரில் மோதுவார்கள். கரண்டியால் அள்ளி, எடை பார்த்து, கப்பில் போட்டு நீட்ட நேரமிருக்காது. கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியதுதான் அங்கே ஓடும். அதைவிடப் பெரிய விஷயம், மிச்சம். விற்காத சிப்ஸ் பாக்கெட் நாளைக்கும் விற்கும், அடுத்த மாதமும் விற்கும். தேங்காய் போட்ட சுண்டல் மதியத்துக்கு மேல் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். நம் ஊர் வெயிலில் மோரும் அப்படித்தான். ஆரோக்கியமான பண்டங்களில் பாதி, சாயங்காலம் வரை தாங்காதவை. கேன்டீன்காரர் பயப்படுவது இந்த நஷ்டத்துக்குத்தான்.

இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாத கடிதம் முதல்வரின் மேசையைத் தாண்டாது.

சட்டம் பெற்றோர் பக்கம் இருக்கிறது, ஓரளவுக்கு. பள்ளிகளைச் சுற்றி விற்கும் நொறுக்குத்தீனியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் 2015-இல் தீர்ப்பு வந்தது. அதையொட்டி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் பள்ளிகளுக்கென்றே ஓர் ஒழுங்குமுறையை அறிவித்தது. 2021 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கிறது அது. அவற்றுக்கு விளம்பரமும் கூடாது. கேன்டீனை ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தாலும், ஒப்பந்தக்காரரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு பள்ளி நிர்வாகத்துடையது. சிபிஎஸ்இ பள்ளி என்றால் இன்னொன்றும் உண்டு: ஒரு பானத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்படி 'சுகர் போர்டு' வைக்கச் சொல்லி அந்த வாரியம் 2025 மே மாதம் சுற்றறிக்கை அனுப்பியது.

ஓரளவுக்கு என்று ஏன் சொன்னேன் என்றால், 'மிகுந்த' என்பது எத்தனை கிராம் என்று அந்த ஒழுங்குமுறைக்குள்ளேயே எழுதிவைக்கவில்லை. 'சட்டப்படி இதை நிறுத்துங்கள்' என்று மொட்டையாக எழுதினால், 'எங்கள் பஃப்ஸில் அவ்வளவு கொழுப்பு கிடையாது' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். பண்டத்தைப் பெயர் சொல்லி, எதை எடுக்க வேண்டும், அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்று கேட்டால் மழுப்ப முடியாது.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் கேன்டீனிலும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எதை எந்த விலைக்கு விற்கிறார்கள், உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா, வடையைச் செய்தித்தாளில் மடித்துத் தருகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். அச்சு மை உணவில் இறங்குவதால் செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதற்கே தடை இருக்கிறது. வாணலியையும் ஒரு பார்வை பார்க்கலாம். பலமுறை காய்ந்த எண்ணெய் கறுத்து, கொழகொழத்து, பண்டத்தைப் போட்டவுடன் நுரைத்துப் பொங்கும், சீக்கிரமே புகையும். எண்ணெய் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதற்கு அதிகாரிகளிடம் கருவி இருக்கிறது. அதில் 'போலார்' சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. உங்களிடம் கண்ணும் மூக்கும் இருந்தால் போதும். ஆனால் கண்டதை மட்டும் எழுதுங்கள். 'எண்ணெய் கறுப்பாக, நுரையுடன் இருந்தது' என்பது கண்டது; 'விஷ எண்ணெய்' என்பது ஆத்திரம்.

இனி ஒரு கணக்கு. விலைகளைச் சும்மா உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும். ஒரு கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் வரும். 80 கிராம் கப்பில் போட்டால் 25 கப். கடலை, தாளிப்பு, எரிவாயு, கப் எல்லாம் சேர்த்துக் கப்புக்கு 8 ரூபாய் அடக்கம், விலை 15 ரூபாய் என்போம். கேன்டீன்காரர் குத்துமதிப்பாக 200 கப் போடுகிறார், செலவு 1,600. விற்றது 120 கப், வரவு 1,800. கையில் நிற்பது 200 ரூபாய். ஆள் கூலிக்கே காணாது. 80 கப் சாக்கடைக்குப் போகிறது. மறுநாள் அவர் சுண்டல் போடுவாரா?

இதையே முந்தின நாள் மாலைக்குள் டோக்கன் கொடுத்துவிட்டால்? 120 டோக்கன் என்று தெரிந்த பிறகு அவர் 130 கப் மட்டும் போடுவார். செலவு 1,040, வரவு அதே 1,800, மிச்சம் 760 ரூபாய். கப்பில் முன்னமே நிரப்பி வைத்துவிட்டால் இடைவேளையில் டோக்கனை வாங்கிக்கொண்டு நீட்டுவது மட்டும்தான் வேலை. தேங்காயைக் கடைசி நேரத்தில் தூவலாம், இல்லாமலும் விடலாம். புளிப்பு ஏறுவதற்குள் காலை இடைவேளையிலேயே தீர்ந்துவிடும்.

இவ்வளவும் கையில் இருந்தால் கடிதம் தானாக வரும். கோவையில் உள்ள ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கு, ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். கேன்டீன் குறித்து மூன்று விஷயங்களைக் கேட்கவே இந்தக் கடிதம்.

காலை இடைவேளையில் இப்போது கிடைப்பவை பஃப்ஸ், சமோசா, சிப்ஸ், குளிர்பானம். இவற்றில் குளிர்பானத்தை மட்டும் முதலில் எடுத்துவிடும்படி கேட்கிறோம். இத்தகைய பானங்களின் லேபிளில் 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால், ஒரு நாள் முழுவதற்கும் போதும் என்று சொல்லப்படும் 25 கிராமைப் பிள்ளை தாண்டிவிடுகிறான். அந்த இடத்தில் மோரும், சர்க்கரை குறைத்த எலுமிச்சைச் சாறும் வைக்கலாம்.

இரண்டாவது, செவ்வாய், வியாழன் இரு நாட்களும் காலை இடைவேளையில் சுண்டல், மற்ற நாட்களில் வாழைப்பழமோ கொய்யாத் துண்டோ. மிஞ்சிப் போகுமே என்று கேன்டீன் நடத்துபவர் கவலைப்படுவது நியாயம். எனவே முந்தின நாளே டோக்கன் வாங்கிக்கொள்ள நாங்கள் தயார். எங்களில் 60 பேர் முதல் மாதத்துக்கு முன்பணம் கட்டவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறோம். கணக்கை இணைத்திருக்கிறோம்.

மூன்றாவது, கேன்டீனின் உரிம எண்ணை அனைவரும் பார்க்கும்படி வைக்கவும், எண்ணெயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று ஒரு பலகையில் எழுதிவைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். சென்ற கூட்டத்தன்று வடைகளைச் செய்தித்தாளில் வைத்துத் தந்ததைப் பார்த்தோம். அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

சமோசாவையும் பஃப்ஸையும் இப்போதே நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பருவம் இதை நடத்திப் பார்த்து, எது எவ்வளவு விற்றது என்ற கணக்கோடு மீண்டும் பேசலாம். தங்களையும் கேன்டீன் நடத்துபவரையும் ஒன்றாகச் சந்திக்க அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் (கையெழுத்துகள் இணைப்பில்)

இந்தக் கடிதத்தில் எந்தப் பிள்ளையின் பெயரும் தனியாக இல்லை. வேண்டுமென்றேதான். 'உங்க அம்மாதானே லெட்டர் போட்டாங்க' என்று கவுன்டரில் ஒரு பையன் கேட்க வேண்டி வந்தால், அடுத்த நாள் அவனே அம்மாவைத் தடுப்பான். பல வகுப்புகளின் கையெழுத்து சேர்ந்திருந்தால் அந்தச் சங்கடமில்லை. சமோசாவை விட்டுவைத்திருப்பதைப் படித்துச் சிலர் முகம் சுளிக்கலாம். அன்றாடம் அதிகம் விற்கும் பண்டத்தின் மேல் முதல் நாளே கை வைத்தால் ஒப்பந்தக்காரர் வாடகையைக் குறைக்கச் சொல்வார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். தவிர, ஒரேயடியாக எடுத்துவிட்டால் பெரிய பிள்ளைகள் வாசலுக்கு வெளியே இருக்கும் கடைக்குப் போவார்கள். அந்த 50 மீட்டர் விதியை உள்ளாட்சியும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும்தான் காப்பாற்ற முடியும். முதல்வரால் முடிந்தது எழுதிப் புகார் அனுப்புவது.

நடுவில் ஒரு விஷயம் உறுத்துகிறது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு, பயறோ கடலையோ உண்டு. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியில் சுண்டலுக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது.

பதில் வரவில்லை என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கடித நகலை வைத்துத் தீர்மானமாகக் கேட்கலாம். உரிமம், கெட்டுப்போன எண்ணெய், செய்தித்தாள் போன்றவை பேரம் பேசும் விஷயங்களே அல்ல. அவற்றுக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் நேராகவே போகலாம். மெனு அப்படியல்ல, அது ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது. 'மோரும் பழமும் தினமும் இருக்க வேண்டும், குளிர்பானம் கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தால், கேன்டீன்காரர் மாறினாலும் அது நிற்கும். புதிய கல்வியாண்டுக்கான ஒப்பந்தத்தைக் கோடை விடுமுறையை ஒட்டிப் புதுப்பிக்கும் பள்ளி என்றால், ஜூனில் போய்ச் சேரும் கடிதத்தை விட ஜனவரியில் போகும் கடிதத்துக்கு வேலை அதிகம்.