பார்லர் லோன் கேட்கப் போறீங்களா? முதல்ல ஆடி மாசக் கணக்கைப் போடுங்க!

"ஒரு நாளைக்கு 10 கஸ்டமர், ஆளுக்கு 300 ரூபாய், 30 நாள்... மாசம் 90,000 ரூபாய்!" பார்லர் சாமான் வாங்க லோன் கேட்கும்போது பலரும் எழுதிக்கொண்டு போகும் கணக்கு இதுதான். மேனேஜர் கேட்கும் முதல் கேள்வியிலேயே இது விழுந்துவிடும்: "இப்ப எத்தனை பேர் வர்றாங்க?"

எங்கள் தெருவில் வீட்டிலேயே த்ரெட்டிங் செய்துகொண்டிருந்த அக்கா, கடை எடுக்க நினைத்தார். ஹைட்ராலிக் சேர், ஃபேஷியல் பெட், ஸ்டீமர், ஷாம்பு ஸ்டேஷன் எல்லாம் சேர்த்து கொட்டேஷன் 1,80,000 ரூபாய். கைக்காசு 30,000 போக, லோன் ஒன்றரை லட்சம். முத்ரா திட்டத்தில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவு. சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். அதனாலேயே வருமானக் கணக்கைத் துருவுவார்கள்.

மூணு மாச நோட்டையும் ஜிபே ஸ்டேட்மென்ட்டையும் வைத்துக்கொண்டு நானும் அவரும் உட்கார்ந்தோம். தினம் நாலு த்ரெட்டிங் 200 ரூபாய், ஒரு ஹேர்கட் 200, ரெண்டு நாளைக்கு ஒரு ஃபேஷியல் என்பதால் சராசரி 350. ஆக 750. வார லீவு போக 26 நாளுக்கு 19,500. வாடகை 5,000, கரன்ட் 1,200, க்ரீம், வேக்ஸ் 3,800 போனால் மிச்சம் 9,500. 12% வட்டியில் மூணு வருஷத்துக்கு இ.எம்.ஐ சுமார் 4,980. சமாளிக்கலாம்னுதான் தோணுச்சு.

ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாசங்களில் அவர் நோட்டில் வருமானம் 30% குறைவு, அதாவது 13,650. க்ரீம் செலவும் 2,660 ஆகக் குறையும். ஆனால் வாடகை குறையாதே! மிச்சம் 4,790. இ.எம்.ஐ-க்கே 190 ரூபாய் துண்டு விழுது, வீட்டுச் செலவுக்கு ஒண்ணுமில்ல.

அதனால் ஷாம்பு ஸ்டேஷனைத் தள்ளிப்போட்டு, லோனை ஒரு லட்சமாக்கினோம். இ.எம்.ஐ 3,321. ஆடியிலும் 1,469 மிஞ்சும். அதில் குடும்பம் நடத்த முடியாது; அந்த ரெண்டு மாசமும் வீட்டுக்காரர் சம்பளம்தான் கைகொடுக்கணும். பிரைடல் மேக்கப் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 'இது கூடுதல்' என்று கடைசியில் தனியாக எழுதினோம்.

பேங்க் இழுத்தடிக்குதுன்னு சின்ன ஃபைனான்ஸுக்குப் போனால் ஒண்ணு கேளுங்க: "வட்டி ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா?" அதே ஒரு லட்சம், அதே 12%. ஃபிளாட் என்றால் முழு அசலுக்கும் கடைசி மாசம் வரை வட்டி. இ.எம்.ஐ 3,778. மூணு வருஷத்தில் சுமார் 16,450 ரூபாய் அதிகம். தவிர, பிராசஸிங் ஃபீஸ், இன்ஷூரன்ஸ் பிடித்தம் போக கையில் எவ்வளவு வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

லோன் பணம் பெரும்பாலும் சாமான் விற்கும் கடைக்கே நேராகப் போகும். அதனால் கொட்டேஷனில் ஜி.எஸ்.டி-யும், வண்டி வாடகையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஃபைலில் வையுங்கள்.